டார்வினின் 15 மக்காச்சோளச் செடி ஜோடிகள்: முழுமைத்தொகுதி சராசரிக்கான ஒரு எடுகோள் சோதனை

சராசரிக்கான எடுகோள் சோதனையைப் பாடமாகப் படிக்கும்போது வரும் கணக்குகளில் முடிவு பளிச்சென்று தெரியும். புள்ளியளவை 4 என்று வரும், எல்லை மதிப்பு 2 என்று இருக்கும், இன்மை எடுகோளை நிராகரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். முடிவு எல்லைக்கோட்டிலேயே வந்து நிற்கும் கணக்கில்தான் ஒவ்வொரு படியும் ஏன் இருக்கிறது என்பது புரியும். அப்படிப்பட்ட ஒரு பழைய தரவை இங்கே முழுமையாகச் செய்து பார்ப்போம்.

சார்லஸ் டார்வின் 1876இல் வெளியிட்ட ஆய்வில் மக்காச்சோளச் செடிகளின் உயர அளவுகள் இருக்கின்றன. அயல் மகரந்தச் சேர்க்கையால் வந்த விதையிலிருந்து ஒரு செடி, தன் மகரந்தச் சேர்க்கையால் வந்த விதையிலிருந்து ஒரு செடி, இரண்டையும் ஒரு ஜோடியாக்கி ஒரே தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் வளர்த்தார். அப்படி மொத்தம் 15 ஜோடிகள், நான்கு தொட்டிகளில். உயரத்தை அங்குலத்தில், அரைக்கால் அங்குலம் வரை அளந்தார். ஜோடிக்குள் மண்ணும் ஒளியும் நீரும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும், மிச்சமிருக்கும் வேறுபாடு விதையால் வந்ததாக இருக்கட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

ஒவ்வொரு ஜோடியிலும் அயல் சேர்க்கைச் செடியின் உயரத்திலிருந்து தன் சேர்க்கைச் செடியின் உயரத்தைக் கழித்தால் 15 வித்தியாசங்கள் கிடைக்கும். முதல் ஜோடியில் 23.5 அங்குலமும் 17.375 அங்குலமும், வித்தியாசம் 6.125 அங்குலம், அதாவது 49 அரைக்கால். பின்னத்தைத் தவிர்க்க எல்லாவற்றையும் அரைக்கால் அங்குலத்திலேயே எழுதிக்கொள்வோம்:

```
49, -67, 8, 16, 6, 23, 28, 41, 14, 29, 56, 24, 75, 60, -48
```

13 ஜோடிகளில் அயல் சேர்க்கைச் செடி உயரம். இரண்டில் மட்டும் தன் சேர்க்கைச் செடி உயரம், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை இழுபறியாக்குவது அவைதான்.

எடுகோள்களை எழுதுவது

கணக்கில் 30 செடிகள் இருந்தாலும் நம் கூறில் இருப்பவை 15 எண்கள். ஜோடியாக வளர்த்ததை இரண்டு தனித்தனிக் கூறுகளாகப் பிரித்துச் சோதிப்பது பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் டார்வின் ஏற்பாடு செய்த ஒப்பீடு கலைந்துபோகும். இந்தத் தரவில் அப்போது t என்ற புள்ளியளவையின் மதிப்பு, ஜோடியாகச் செய்தால் வருவதைவிடக் கூடுதலாக, 2.44 என்று வரும், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் எந்தச் சோதனை என்பதைச் சோதனை ஏற்பாடுதான் தீர்மானிக்க வேண்டும், விடை எப்படி வருகிறது என்பது அல்ல.

அடுத்து μ என்றால் என்ன என்று சொற்களில் எழுத வேண்டும். விடைத்தாளில் இந்த வரி பெரும்பாலும் காணாமல் போகிறது. இங்கே μ என்பது, இதே வகை விதைகளை இதே முறையில் ஜோடி ஜோடியாக வளர்த்துக்கொண்டே போனால் கிடைக்கும் வித்தியாசங்களின் முழுமைத்தொகுதி சராசரி. அளந்த 15 ஜோடிகளின் சராசரி நமக்குத் தெரியும், அதைச் சோதிக்க ஒன்றுமில்லை. தெரியாத μ-ஐப் பற்றித்தான் எடுகோள்.

```
H0: μ = 0
H1: μ ≠ 0
```

இன்மை எடுகோள், விதை வகையால் சராசரி உயரத்தில் வேறுபாடு இல்லை என்கிறது. மாற்று எடுகோள், ஏதோ ஒரு பக்கம் வேறுபாடு இருக்கிறது என்கிறது.

டார்வின் அயல் சேர்க்கைச் செடிதான் உயரமாக வளரும் என்று எதிர்பார்த்தார், அப்படியிருக்க H1: μ > 0 என்று ஒருமுனைச் சோதனையாக ஏன் எழுதக்கூடாது? எழுதலாம், ஆனால் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அத்தோடு, எதிர்ப்பக்கம் எவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தாலும் அதை 'வேறுபாடு இல்லை' என்றே சொல்வேன் என்ற உறுதியும் வேண்டும். இங்கே அது பொருந்தாது. டார்வினின் இன்னொரு செடி வகைச் சோதனையில் தன் சேர்க்கையில் பிறந்த ஒரு செடி தன் ஜோடியை முந்தியது. அவர் அதற்குப் பெயரே வைத்து, அதன் சந்ததியையும் தொடர்ந்து கவனித்தார். எதிர்ப்பக்க முடிவும் அக்கறைக்குரியது என்றால் இருமுனைச் சோதனைதான் சரி.

மிகைகாண் நிலையை 5% என்று எடுத்துக்கொள்வோம். இதையும் இப்போதே எழுதிவிட வேண்டும். இந்தக் கணக்கில் அது வெறும் சடங்கு இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

புள்ளியளவை

முழுமைத்தொகுதியின் திட்ட விலக்கம் நமக்குத் தெரியாது, அதை இந்த 15 எண்களிலிருந்தே மதிப்பிட வேண்டும். அதனால் t-சோதனை. 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கோசெட் தீர்த்துக் கொடுத்த சிக்கல் இதுதான்: சிறிய கூறிலிருந்து திட்ட விலக்கத்தை மதிப்பிடும்போது அந்த மதிப்பீடே ஆடும், அந்த ஆட்டத்தையும் கணக்கில் சேர்க்க இயல்நிலைப் பரவலைவிட வால் தடித்த ஒரு பரவல் தேவை.

```
கூட்டுத்தொகை           = 314
சராசரி                 = 314 / 15 = 20.933
வர்க்கங்களின் கூட்டல்  = 26518
விலக்க வர்க்கக் கூட்டல் = 26518 - 314²/15 = 19944.93
s²                     = 19944.93 / 14 = 1424.64
s                      = 37.744
திட்டப் பிழை           = 37.744 / √15 = 9.746
t                      = (20.933 - 0) / 9.746 = 2.148
```

கூறின் சராசரி, இன்மை எடுகோள் சொல்லும் 0 என்ற மதிப்பிலிருந்து 2.148 திட்டப் பிழை தூரம் தள்ளி நிற்கிறது. t சொல்வது அவ்வளவுதான்.

கட்டின்மைப் பாகை 15 - 1 = 14. இருமுனை, 5% என்றால் t-அட்டவணையில் எல்லை மதிப்பு 2.145. நமக்கு வந்தது 2.148, மூன்றாம் தசம இடத்தில் தாண்டியிருக்கிறது.

இப்போது வழக்கமான பிழைகள் என்ன செய்யும் என்று பார்க்கலாம். சராசரியை 21 என்றும் திட்ட விலக்கத்தை 38 என்றும் நடுவிலேயே முழு எண்ணாக்கிக்கொண்டால் t = 2.140 என்று வரும். எல்லைக்குள் விழுந்துவிடும், முடிவே தலைகீழாகிவிடும். எண்களைக் கடைசிப் படியில் மட்டும் சுருக்கச் சொல்வது இதனால்தான். கால்குலேட்டரில் 14-க்குப் பதில் 15-ஆல் வகுக்கும் திட்ட விலக்கப் பொத்தானை அழுத்தினால் t = 2.22 என்று வரும், எல்லையைத் தாராளமாகத் தாண்டியது போலத் தெரியும். t-அட்டவணைக்குப் பதில் இயல்நிலை அட்டவணையைப் பார்த்தால் எல்லை 1.96 ஆகிவிடும், p-மதிப்பு 0.032 என்று இறங்கும். பின்னிரண்டு பிழைகளும் ஒரே திசையில்தான் தள்ளுகின்றன: இல்லாத உறுதியை இருப்பது போலக் காட்டுகின்றன.

R மொழியில் சரிபார்க்க இரண்டு வரி போதும்:

```
d <- c(49,-67,8,16,6,23,28,41,14,29,56,24,75,60,-48)
t.test(d, mu = 0)
```

p-மதிப்பு 0.0497 என்று வரும்.

முடிவை எழுதுவது

விதிப்படி முடிவு தெளிவு. |t| = 2.148, எல்லை 2.145-ஐவிட அதிகம்; p = 0.0497, 0.05-ஐவிடக் குறைவு. இன்மை எடுகோளை 5% நிலையில் நிராகரிக்கிறோம்.

அதோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான் தருவேன். முடிவைச் சூழலோடு சேர்த்து எழுத வேண்டும். நான் எதிர்பார்க்கும் விடை ஏறக்குறைய இப்படி இருக்கும்: "5% மிகைகாண் நிலையில், அயல் சேர்க்கைச் செடிக்கும் தன் சேர்க்கைச் செடிக்கும் சராசரி உயரத்தில் வேறுபாடு இருப்பதற்குச் சான்று இருக்கிறது (t = 2.15, கட்டின்மைப் பாகை 14, p = 0.0497). அயல் சேர்க்கைச் செடிகள் இந்தக் கூறில் சராசரியாக 2.6 அங்குலம் உயரமாக இருந்தன. ஆனால் சான்று எல்லையில்தான் நிற்கிறது."

p-மதிப்பைச் சொற்களில் எழுதச் சொன்னால் பலர் 'H0 உண்மையாக இருக்க 5% வாய்ப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. H0 உண்மை என்று வைத்துக்கொண்டுதான் p-மதிப்பையே கணக்கிட்டோம். விதை வகையால் எந்த வேறுபாடும் இல்லாத உலகில் இதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால், நூற்றில் ஏறக்குறைய ஐந்து முறை தற்செயலாகவே t-இன் மதிப்பு 2.148 அளவுக்கோ அதற்கு மேலோ ஏதாவது ஒரு பக்கம் விலகி நிற்கும். p சொல்வது இதை மட்டும்தான்.

95% நம்பிக்கை இடைவெளியையும் போட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 20.933 ± 2.145 × 9.746 என்றால் 0.03 முதல் 41.84 வரை. அங்குலத்தில் சொன்னால், உண்மையான சராசரி வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததிலிருந்து 5.2 அங்குலம் வரை எதுவாகவும் இருக்கலாம். 20 அங்குலச் செடியில் 5 அங்குலம் பெரிய விஷயம். அங்குலத்தில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசத்தால் யாருக்கும் பயனில்லை. இரண்டுக்கும் இந்தத் தரவில் இடமிருக்கிறது. 'நிராகரிக்கிறோம்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் படிப்பவருக்கு இது தெரியவே வராது.

அனுமானங்கள் தாங்குமா?

t-சோதனை இரண்டு விஷயங்களை நம்பி நிற்கிறது. வித்தியாசங்கள் இயல்நிலைப் பரவலிலிருந்து, அல்லது அதற்கு நெருக்கமான ஒன்றிலிருந்து, வந்திருக்க வேண்டும். ஒன்றையொன்று சாராமலும் இருக்க வேண்டும்.

முதலில் இயல்நிலை. 15 எண்களையும் ஒரு கோட்டில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். 13 புள்ளிகள் 6-க்கும் 75-க்கும் இடையே நிற்கின்றன, இரண்டு மட்டும் இடப்பக்கம் வெகுதூரத்தில். இடப்பக்க வால் நீண்டிருக்கிறது. கூறு நூற்றுக்கணக்கில் இருந்தால் கவலையில்லை, 15 என்பதால் யோசிக்க வேண்டும்.

அந்த இரண்டையும் நீக்கிவிட்டால் சராசரி 33, t = 5.52 என்று ஏறிவிடும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அளவில் பிழை என்பதற்குத் தனி ஆதாரம் இல்லாமல், நம் கருத்துக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக எண்களைத் தூக்கிப்போட முடியாது. இரண்டு ஜோடிகளிலும் அயல் சேர்க்கைச் செடி 12 அங்குலத்தோடு நின்றுவிட்டிருக்கிறது. ஏன் அப்படி ஆனது என்பதற்கு இந்த எண்களில் விடை இல்லை. அதனால் அவை இருக்கத்தான் வேண்டும்.

இயல்நிலை அனுமானமே இல்லாமல் இதே கேள்வியைக் கேட்க ஒரு அழகான வழி உண்டு. 1935இல் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் இதே டார்வின் தரவை எடுத்து அதைச் செய்து காட்டினார். விதை வகையால் எந்த வேறுபாடும் இல்லை என்றால், ஒரு ஜோடியில் 49 என்பது +49 ஆக வந்ததும் -49 ஆக வந்திருக்கக்கூடியதும் சமமான சாத்தியங்கள். 15 எண்களுக்கும் குறிகளை எல்லா விதமாகவும் மாற்றினால் 2-இன் 15-ஆம் அடுக்கு, அதாவது 32768 வழிகள். அவற்றில் எத்தனை வழிகளில் கூட்டுத்தொகை 314 அல்லது அதற்கு மேல் வருகிறது என்று எண்ணினால் 863. எதிர்ப்பக்கமும் 863. மொத்தம் 1726 வழிகள், 5.27 சதவீதம்.

t-சோதனையில் 4.97%, குறி மாற்றிச் செய்ததில் 5.27%. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பது t-சோதனை இங்கே நியாயமாகவே நடந்துகொள்கிறது என்று காட்டுகிறது. ஆனால் 5% கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் ஒன்று 'நிராகரி' என்கிறது, இன்னொன்று 'நிராகரிக்காதே' என்கிறது. சான்றின் வலு ஒன்றேதான், சொல்தான் மாறியிருக்கிறது. முடிவு வாக்கியத்தில் p-மதிப்பை எண்ணாகவே எழுத வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த முறைக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. எந்தச் செடி தொட்டியின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்திருந்தால் குறி மாற்றம் தானாகவே நியாயமாகிவிடும். டார்வின் காலத்தில் அந்தப் பழக்கம் இல்லை. பரிசோதனையில் குலுக்கலைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வாதாடியவரே ஃபிஷர்தான்.

அப்புறம், சாராமை. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான், எனக்கு இந்தத் தரவில் பெரிய கவலையும் இதுதான். 15 ஜோடிகள் நான்கே தொட்டிகளில் வளர்ந்தன: முதல் இரண்டு தொட்டிகளில் மும்மூன்று, மூன்றாவதில் ஐந்து, நான்காவதில் நான்கு. மேலே கொடுத்த எண்கள் அதே வரிசையில்தான் இருக்கின்றன. ஒரே தொட்டியில் இருக்கும் ஜோடிகள் ஒரே மண்ணையும் ஒரே நெரிசலையும் பகிர்ந்துகொள்கின்றன. தொட்டியின் தன்மை எல்லா ஜோடிகளையும் ஒரே பக்கம் இழுத்தால், 15 தனித்தனிச் சான்றுகள் என்று நாம் எண்ணியது உண்மையில் அதைவிடக் குறைவு.

தொட்டிவாரியான சராசரி வித்தியாசங்கள்:

```
தொட்டி 1:  -3.33
தொட்டி 2:  15.00
தொட்டி 3:  33.60
தொட்டி 4:  27.75
```

கடுமையாகவே இருந்து பார்ப்போம் என்று ஒவ்வொரு தொட்டியையும் ஒரே ஒரு அளவாக எடுத்துக்கொண்டால், நான்கு எண்களின் சராசரி 18.25, திட்ட விலக்கம் 16.4, திட்டப் பிழை 8.2, t = 2.23. முன்பு வந்த 2.148-ஐவிட இது அதிகம். ஆனால் கட்டின்மைப் பாகை 3 ஆகக் குறைந்துவிட்டது, எல்லை மதிப்பு 3.182 ஆக ஏறிவிட்டது. இப்போது நிராகரிக்க முடியாது. p ஏறக்குறைய 0.11.

தொட்டிகளில் ஜோடிகளின் எண்ணிக்கை சமமாக இல்லாததால் இந்தக் கணக்கு கரடுமுரடானது. தொட்டியையும் ஜோடியையும் ஒரே மாதிரியத்தில் சேர்த்துச் செய்யும் முறைகள் உண்டு, ஆனால் நான்கு தொட்டிகளிலிருந்து அவையும் அதிகம் கறந்துவிட முடியாது. தொட்டி விளைவு இல்லை என்று கருத வேறு ஆதாரம் இருந்தால் 15 ஜோடிகளின் t-சோதனையே போதும், விடையில் p = 0.0497 என்று எழுதி, ஜோடிகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டதையும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். அந்த ஆதாரம் இல்லையென்றால் இன்னும் பல தொட்டிகளில், தொட்டிக்கு ஒரு ஜோடி வீதம், பக்கத்தைக் குலுக்கிப் போட்டு, மறுபடி வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.